அம்பு முனை வாயைப் பார்க்கட்டும்: பத்து வயதுப் பிள்ளைகளுக்கு உணவுச் சங்கிலி

முதல்முறை இந்தப் பாடம் எடுத்தபோது நான் எல்லாவற்றையும் அச்சிட்டே கொடுத்துவிட்டேன். நான்கு கட்டம், நடுவில் மூன்று அம்பு, கட்டத்துக்குள் பிள்ளைகள் படம் வரைந்தால் போதும். அழகாக வரைந்தார்கள், ஒரு தாளில்கூடத் தப்பு இல்லை, நானும் பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வெற்றுத் தாளைக் கொடுத்து அதே சங்கிலியைப் போடச் சொன்னால் பாதிக்கு மேல் அம்பைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்: பாம்பிலிருந்து தவளைக்கு, தவளையிலிருந்து வெட்டுக்கிளிக்கு, வெட்டுக்கிளியிலிருந்து புல்லுக்கு. முதல் வாரம் சரியாக இருந்தது என்னுடைய அம்பு, அவர்களுடையது இல்லை.

அதனால் இந்தப் பாடத்தில் பாடுபட வேண்டிய இடம் அம்பின் திசைதான் என்பது என் கருத்து. உற்பத்தியாளர், நுகர்வோர் என்ற பெயர்களைப் பிள்ளைகள் எப்படியும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அம்பு தவறாகப் பதிந்துவிட்டால், பின்னால் உணவு வலை வரும்போது எல்லாம் குழம்பும்.

அம்பு ஏன் திரும்பிக்கொள்கிறது

ஒரு பெண்ணிடம் கேட்டேன், "ஏம்மா, அம்பை இந்தப் பக்கம் போட்ட?" அவள் சொன்ன பதில்: "பாம்புதானே டீச்சர் தவளைகிட்ட போகுது." அவள் சொல்வதில் பிழையே இல்லை. பாம்புதான் நகர்கிறது, பாய்கிறது, பிடிக்கிறது. அவள் வரைந்தது பாம்பு போன வழி. நாம் கேட்டது உணவு போன வழி. இரண்டுக்கும் ஒரே குறியைப் பயன்படுத்துகிறோம், ஆனால் எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

இன்னொரு காரணம் நம் வாக்கியத்திலேயே இருக்கிறது. "பாம்பு தவளையைத் தின்கிறது" என்று சொல்லும்போது தின்பது முதலில் வருகிறது, தின்னப்படுவது அடுத்து வருகிறது. பிள்ளை அந்த வரிசையிலேயே இரண்டு படத்தையும் மனத்தில் வைத்து, இடமிருந்து வலமாக ஒரு அம்பையும் போட்டுவிடுகிறது. ஆகவே வாக்கியத்தைத் திருப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்: "தவளை பாம்புக்கு உணவாகிறது." இப்போது தின்னப்படுவது முதலில் நிற்கிறது. அம்பு இருக்கும் இடத்தில் 'உணவாகிறது' என்ற சொல்லை வைத்துப் படித்தால் வாக்கியமும் படமும் ஒரே பக்கம் ஓடும். பாடம் முழுக்க 'தின்கிறது' என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். பிள்ளைகள் சொன்னால் சொல்லட்டும், தப்பில்லை, ஆனால் பலகையில் எழுதுவது 'உணவாகிறது' மட்டும்.

இதோடு ஒரு கண் அடையாளமும் வேண்டும், ஏனென்றால் எல்லாப் பிள்ளைக்கும் வாக்கியம் கைகொடுக்காது. நான் சொல்வது: அம்பின் கூர்முனை எப்போதும் தின்பவரின் வாயைப் பார்க்கும். வரையும்போதே விலங்கின் வாய் இடது பக்கம் பார்க்கும்படி வரையச் சொல்லிவிட்டால், அம்பு நேராக வாய்க்குள் நுழைவது போலவே இருக்கும். கேட்க விளையாட்டாகத் தோன்றும், ஆனால் தயங்கும் பிள்ளைகளுக்கு வேறெந்த விளக்கத்தையும்விட இது உதவியிருக்கிறது.

தாளை இப்படித் தயார் செய்யுங்கள்

ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். அகலம் 29.7 செ.மீ. அதில் 5 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் உள்ள நான்கு கட்டங்களை வரிசையாகப் போட்டு, கட்டங்களுக்கு நடுவே 2 செ.மீ. இடைவெளி விட்டால் மொத்தம் 26 செ.மீ. ஆகும், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். கட்டத்தை இதைவிடச் சிறிதாக்கினால் பத்து வயதுக் கைக்கு வெட்டுக்கிளியின் கால் வராது. இடைவெளியைச் சிறிதாக்கினால் அம்பு வெறும் கோடாகிவிடும்.

இடைவெளியில் ஒரு புள்ளிக்கோடு மட்டும் இருக்கட்டும், முனை இருக்கக் கூடாது. முனையைப் பிள்ளைதான் போட வேண்டும். இந்தத் தாளில் உண்மையான கேள்வி அது ஒன்றுதான், அதற்கு நீங்களே பதில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் (நான் செய்தது போல) என்ன புரிந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் இரண்டு வரி: ஒன்று பெயர் எழுத, இன்னொன்று "இதற்கு உணவு எது?" என்பதற்கு. தாளின் கீழ்ப்பாதியில் மூன்று வரி விடுங்கள்: காணாமல் போனது, குறைவது, கூடுவது. இவை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். மேல் இடது மூலையில் ஒரு சூரியன் வரைய இடம் விடுங்கள், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

தாளைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம்

நான்கு பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். ஒருவர் புல், ஒருவர் வெட்டுக்கிளி, ஒருவர் தவளை, ஒருவர் பாம்பு. பெயரை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடலாம். புல்லாக நிற்பவரின் கையில் ஒரு பச்சைக் காகிதத்தைக் கொடுங்கள். வெட்டுக்கிளி வந்து 'தின்றால்' காகிதம் யார் கைக்குப் போகிறது? வெட்டுக்கிளியின் கைக்கு. தவளை வெட்டுக்கிளியைப் பிடித்தால்? காகிதம் தவளையின் கைக்கு. கடைசியில் அது பாம்பின் கையில் நிற்கிறது.

இப்போது வகுப்பிடம் ஒரே ஒரு கேள்வி: "காகிதம் எந்தப் பக்கமா போச்சு?" எல்லாரும் கையை நீட்டி ஒரே பக்கம் காட்டுவார்கள். அந்த நீட்டிய கைதான் அம்பு என்று சொல்லிவிட்டு, உடனே பலகையில் போடுங்கள்:

புல் → வெட்டுக்கிளி → தவளை → பாம்பு

பிறகு ஒவ்வொரு அம்பையும் எல்லாரும் வாய்விட்டுப் படிக்கட்டும். "புல் வெட்டுக்கிளிக்கு உணவாகிறது. வெட்டுக்கிளி தவளைக்கு உணவாகிறது. தவளை பாம்புக்கு உணவாகிறது." இரண்டு முறை போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த விளையாட்டில் பாம்பாக நிற்பவர் தவளையைத் துரத்த ஆசைப்படுவார், வகுப்பு சிரிக்கும், துரத்தல்தான் நினைவில் நிற்கும், மறுபடி அம்பு பாம்பிலிருந்து கிளம்பும். யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது, காகிதம் மட்டும்தான் நகரும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வரைய விடுவது

இப்போது தாள். இடது கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பச் சொல்லுங்கள், அங்கே கண்டிப்பாக ஒரு செடி. இதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் சிங்கத்தில் ஆரம்பிப்பார்கள், சிங்கம் மானைத் தின்னும் என்று இரண்டு கட்டத்தை நிரப்பிவிட்டு, மான் என்ன தின்னும் என்று யோசிக்கும்போது கட்டம் தவறான பக்கத்தில் மிஞ்சியிருக்கும்.

நேரம்தான் பெரிய சிக்கல். 40 நிமிட வகுப்பில் பத்து நிமிடம் விளையாட்டுக்குப் போய்விட்டது. ஒரு படத்துக்கு மூன்று நிமிடம், பென்சிலில் வெளிக்கோடு மட்டும், வண்ணம் வீட்டில். நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான், ஏனென்றால் வண்ணப்பெட்டி வெளியே வந்துவிட்டால் பாம்பின் செதிலுக்கே மணியடித்துவிடும், அம்பைப் பற்றிப் பேச நேரமே இருக்காது. வரையத் தெரியாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு வட்டமும் கோடும் போதும், கீழே பெயர் எழுதினால் சரி. இது ஓவிய வகுப்பு இல்லை.

நான்கு படமும் முடிந்த பிறகுதான் அம்பு. எல்லாரையும் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, "முதல் புள்ளிக்கோட்டில் முனையை எந்தப் பக்கம் போடுவீர்கள், விரலால் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒரு பார்வையிலேயே யார் தயங்குகிறார்கள், யார் பக்கத்து விரலைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் வரையட்டும்.

நீங்கள் சுற்றி வரும்போது இரண்டு பக்கமும் முனை வைத்த அம்பு கண்ணில் படலாம். அது அலட்சியம் இல்லை. எது சரி என்று தெரியாமல் இரண்டையும் போட்டுவிட்டு நீங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்ட பிள்ளை அது. அப்போது "அம்பு தப்பு" என்று சொல்லாதீர்கள், சொன்னால் அழித்து எதிர்ப்பக்கம் போட்டுவிடுவார்கள், இரண்டே வாய்ப்புதானே. "இந்த அம்பைப் படி, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். "பாம்பு தவளைக்கு உணவா..." என்று ஆரம்பிக்கும்போதே பெரும்பாலும் தாங்களே நிறுத்திச் சிரித்துவிடுவார்கள்.

சூரியனும் மண்ணும்

இங்கே இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். சூரியனிலிருந்து புல்லுக்கு அம்பு போடலாமா? போடலாம்தான், ஆனால் அந்த அம்பை "சூரியன் புல்லுக்கு உணவாகிறது" என்று படிக்க முடியாது. புல் சூரியனைத் தின்பதில்லை. வெளிச்சத்தையும் தண்ணீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வைத்துத் தன் உணவைத் தானே செய்துகொள்கிறது. அதனால்தான் சூரியனைக் கட்டத்துக்குள் வைக்காமல் மூலையில் வைத்தோம். அங்கிருந்து புல்லுக்கு ஒரு நெளிகோடு போடச் சொல்கிறேன், நேர் அம்பு இல்லை. நெளிகோடு என்றால் வெளிச்சம், நேர் அம்பு என்றால் உணவு. ஒரே குறிக்கு இரண்டு பொருள் வைத்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே.

இரண்டாவது, மண். "செடிக்கு மண்தானே டீச்சர் சாப்பாடு?" என்று கேட்டு, மண்ணிலிருந்து புல்லுக்கு அம்பு போட்ட தாள் ஒன்றாவது இருக்கும். இதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்லலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். யான் வான் ஹெல்மாண்ட் என்பவர் ஒரு தொட்டியில் ஏறக்குறைய 90 கிலோ காய்ந்த மண்ணை எடை போட்டு நிரப்பி, அதில் சுமார் 2 கிலோ எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் எடை கூடியது. மண்ணைத் திரும்பக் காயவைத்து எடை போட்டால் 60 கிராம்கூடக் குறையவில்லை. மரத்தின் உடம்பு மண்ணிலிருந்து வரவில்லை என்பது தெளிவு. (அவர் எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவுகட்டினார், அது தவறு, காற்றின் பங்கு அவருக்குத் தெரியவில்லை. 1648இல் அச்சான விஷயம், மன்னித்துவிடலாம்.) மண்ணிலிருந்து செடி கொஞ்சம் உப்புச் சத்துகளை எடுத்துக்கொள்கிறது, அது தேவைதான், ஆனால் அதை வைத்து உடம்பைக் கட்டிவிட முடியாது. இந்த அளவு போதும், ஒளிச்சேர்க்கைக்குள் போய்விடாதீர்கள்.

ஒரு கட்டத்தை மூடிப் பாருங்கள்

அம்பு சரியாக இருக்கிறது என்றால் பிள்ளை அதை வைத்து யோசிக்கவும் முடிய வேண்டும். தாளின் கீழ்ப்பாதி அதற்குத்தான். ஒரு துண்டுக் காகிதத்தால் தவளைக் கட்டத்தை மூடச் சொல்லுங்கள். "தவளையே இல்லை. என்ன ஆகும்?"

முதல் பதில் எல்லா வகுப்பிலும் ஒன்றுதான்: "எல்லாம் செத்துப்போகும்!" நாடகம் பிடித்த வயது, விட்டுவிடுங்கள். அடுத்த பதில், "பாம்புக்குச் சாப்பாடு கிடைக்காது." சரி, 'குறைவது' என்ற வரியில் பாம்பு. பொதுவாக இங்கேயே நின்றுவிடுவார்கள், காரணம் அம்பு போகும் பக்கமாக மட்டும் பார்க்கிறார்கள். அம்புக்குப் பின்பக்கமாகவும் பார்க்க வைப்பது உங்கள் வேலை. "வெட்டுக்கிளியைத் தின்ன இப்போ யார் இருக்கா?" யாரும் இல்லை. அப்படியானால் வெட்டுக்கிளி? கூடும். வெட்டுக்கிளி கூடினால் புல்? குறையும். 'கூடுவது' வரியில் வெட்டுக்கிளி, 'குறைவது' வரியில் புல்லும் சேரும்.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, "புல் குறைஞ்சா அப்புறம் வெட்டுக்கிளியும் குறையும்ல?" என்று கேட்டுவிட்டால் ஒதுக்காதீர்கள், அது சரியான கேள்வி. முதலில் கூடும், புல் தீரத் தீரப் பிறகு குறையும். அவள் தாளில் 'கூடுவது' வரியில் இருக்கும் வெட்டுக்கிளிக்குப் பக்கத்தில் 'முதலில்' என்று எழுதச் சொன்னால் போதும்.

இன்னொரு பிள்ளை, பாம்பு எலியையும் தின்னுமே, அது ஏன் குறைய வேண்டும் என்று கேட்கும். அதுவும் சரி. நிஜத்தில் பாம்புக்குத் தவளை மட்டும் உணவில்லை, தவளையைப் பாம்பு மட்டும் பிடிப்பதும் இல்லை. நம் சங்கிலி ஒரு இழையை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பிள்ளையின் தாளில் பாம்புக்குக் கீழே சிறியதாக 'எலி' என்று எழுதி அங்கிருந்து பாம்பின் வாய்க்கு இன்னொரு அம்பு போடச் சொல்லுங்கள். உணவு வலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது, ஆனால் அந்தப் பெயரை இன்றைக்கு எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

சங்கிலி ஏன் நீளமாகப் போவதில்லை

இது இரண்டாம் நாளைக்கு, நேரம் இருந்தால். ஐந்தாவது, ஆறாவது கட்டம் கேட்கும் பிள்ளைகள் இருப்பார்கள், பாம்பைக் கழுகு தின்னும், கழுகை யார் தின்பார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு மீட்டர் நீளக் காகிதப் பட்டை ஒன்றை எடுங்கள். அது புல்லிடம் இருக்கும் ஆற்றல். வெட்டுக்கிளியின் உடம்பில் தங்குவது 10 செ.மீ. தவளையிடம் 1 செ.மீ. பாம்பிடம் 1 மி.மீ., அதை வெட்டவே கத்தரிக்கோல் திணறும். மீதி எங்கே போனது என்றால் தாவியதில், மூச்சுவிட்டதில், வெப்பமாகப் போனது, கொஞ்சம் தின்னாமலே விட்டது, கொஞ்சம் செரிக்காமல் வெளியேறியது. பத்தில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்குதான், இடத்துக்கு இடம் நிறைய மாறும், அதையும் சொல்லிவிடுங்கள். ஆனால் அந்த 1 மி.மீ. துண்டை விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளை அடுத்த கட்டம் கேட்க மாட்டாள். உற்பத்தியாளர், நுகர்வோர் என்ற பெயர்களையும் நான் இந்த இரண்டாம் நாளில்தான் எழுதுகிறேன், ஏற்கெனவே வரைந்த தாளிலேயே, கட்டத்துக்கு மேலே.

புரிந்ததா என்று பார்ப்பது

அதே புல், அதே தவளையை வைத்துச் சோதிக்காதீர்கள். மனப்பாடம் எது, புரிந்தது எது என்று தெரியாது. நான் குளத்துக்குப் போய்விடுகிறேன். பலகையில் மூன்று வாக்கியங்கள், வேண்டுமென்றே 'தின்கிறது' என்ற சொல்லோடு, வரிசை மாற்றி:

கொக்கு மீனைத் தின்கிறது. தலைப்பிரட்டை பாசியைத் தின்கிறது. மீன் தலைப்பிரட்டையைத் தின்கிறது.

இதை வெற்றுத் தாளில், கட்டமோ புள்ளிக்கோடோ இல்லாமல், பெயரும் அம்பும் மட்டுமாக எழுத வேண்டும். வர வேண்டியது:

பாசி → தலைப்பிரட்டை → மீன் → கொக்கு

திருத்தும்போது மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வரிசையும் அம்பும் சரி என்றால் விட்டுவிடலாம். வரிசை சரி, எல்லா அம்பும் தலைகீழ் என்றால் அந்தப் பிள்ளைக்கு யார் யாரைத் தின்பார்கள் என்பது நன்றாகவே தெரியும், குறியின் பொருள்தான் பிடிபடவில்லை, பச்சைக் காகிதத்தை இன்னொரு முறை கைமாற்றிக் காட்டினால் போதும். சில அம்பு இப்படி, சில அம்பு அப்படி என்றால்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் ஊகம். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அம்பாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அம்பெல்லாம் சரியாக இருந்தும் கொக்கு முதல் ஆளாக இடது பக்கத்தில் நிற்கும் தாளும் ஒன்றிரண்டு வரும்: கொக்கு ← மீன் ← தலைப்பிரட்டை ← பாசி. முதல்முறை பார்த்தபோது சிவப்பு மையால் அடித்துவிட்டேன், பிறகு அந்தப் பையனே வந்து "டீச்சர், முனை வாயைத்தானே பார்க்குது" என்றான். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.